பிஐபி கடிதம் வந்துவிட்டது: போராடுவதா, முடித்துக் காட்டுவதா, விலகுவதா என்று முடிவெடுக்க ஒரு வழிகாட்டி

சென்னையின் தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களில் செயல்திறன் மேம்பாட்டுத் திட்டத்தை எல்லோரும் பிஐபி என்றே சொல்கிறார்கள். குழுத் தலைவராகவும் பின்னர் மேலாளராகவும் இருந்த ஆண்டுகளில் நான் சிலருக்கு அந்தக் கடிதத்தை எழுதியிருக்கிறேன். ஒருமுறை அது எனக்கும் வந்தது. மேசையின் இரு பக்கமும் உட்கார்ந்து பார்த்ததில், கடிதம் பெற்றவர்கள் இழப்பதில் பெரும்பகுதி செய்யும் காரியங்களின் வரிசை மாறிப்போவதால்தான் என்று கண்டேன். முதலில் கேட்க வேண்டிய கேள்வியைக் கடைசியில் கேட்கிறார்கள். கடைசியில் எடுக்க வேண்டிய முடிவை முதல் நாளே எடுத்துவிடுகிறார்கள். ஆகவே கீழே உள்ளவற்றை இதே வரிசையில் செய்யுங்கள்.

1. முதல் நாள்: கேளுங்கள், குறித்துக்கொள்ளுங்கள், எதற்கும் ஒப்புக்கொள்ளாதீர்கள்

அழைப்பு பெரும்பாலும் காரணம் சொல்லாமல் அரை மணி நேரக் கூட்டமாக வரும். உள்ளே போனால் மேலாளரோடு எச்.ஆர். ஒருவரும் உட்கார்ந்திருப்பார். இருவரும் ஏற்கெனவே பேசி முடிவுசெய்த வாசகங்களைச் சொல்வார்கள். அந்த அறையில் நீங்கள் வாதாடி எதையும் மாற்ற முடியாது. கோபத்தில் சொல்லும் ஒரு சொல் மட்டும் குறிப்பில் ஏறும்.

அன்று நான்கு விவரங்கள் போதும்: திட்டம் தொடங்கும் தேதி, முடியும் தேதி, முன்னேற்றத்தை மதிப்பிடுபவர் யார், முடிவில் என்னென்ன நடக்கலாம். "ஆவணத்தை முழுவதும் வாசித்துவிட்டு எழுத்தில் பதில் தருகிறேன்" என்று சொல்லி எழுந்து வாருங்கள்.

சில இடங்களில் அதே கூட்டத்திலேயே, "நீங்களே பேப்பர் போட்டுட்டா ரெக்கார்டுல பிஐபி வராது, உங்களுக்கும் நல்லது" என்பார்கள். இதற்கு அன்று சம்மதிப்பதைவிடப் பெரிய தவறு இந்த விஷயத்தில் இல்லை. நிறுவனம் உங்களை நீக்கினால் காரணம் காட்ட வேண்டும், நோட்டீஸ் தர வேண்டும், சட்டப்படி பதில் சொல்ல வேண்டியும் வரலாம். நீங்களே ராஜினாமா செய்தால் இவை எதுவும் இல்லை. காகிதத்தில் நீங்கள் விருப்பத்தோடு போனவர். மிரட்டித்தான் எழுத வைத்தார்கள் என்று பின்னால் நிரூபிப்பது மிகக் கடினம். உங்கள் கையில் இருக்கும் ஒரே சீட்டு அந்த ராஜினாமாதான். அதை எப்போது, எதற்கு ஈடாக இறக்குவது என்பதை ஆறாம், ஏழாம் படிகளில்தான் முடிவு செய்ய முடியும்.

2. முதல் மூன்று நாள்: காகிதங்களைச் சேர்த்தல்

பணி நியமனக் கடிதம், கடைசி மூன்று ஆண்டு அப்ரைசல் ரேட்டிங், சம்பள உயர்வுக் கடிதங்கள், சம்பளச் சீட்டுகள் ஆகியவற்றை எடுத்து வையுங்கள். நியமனக் கடிதத்தில் நோட்டீஸ் காலம் எத்தனை நாள், அதை முடிக்காமல் போனால் எவ்வளவு பிடிப்பார்கள், சேரும்போது வாங்கிய போனஸைத் திருப்பித் தர வேண்டுமா என்ற மூன்று இடங்களையும் கோடிட்டு வையுங்கள். ரேட்டிங் வரலாறு ஏன் முக்கியம் என்றால், தொடர்ந்து நல்ல மதிப்பீடு பெற்றவருக்குத் திடீரென்று பிஐபி வந்திருந்தால் "நடுவில் என்ன மாறியது" என்ற கேள்விக்கு நிறுவனம் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

இங்கே புதியவர்கள் வழுக்கி விழும் ஓர் இடம் இருக்கிறது. பதற்றத்தில் இரவோடிரவாக அலுவலக மின்னஞ்சல்களை மொத்தமாகத் தனிப்பட்ட முகவரிக்கு அனுப்பிவிடுகிறார்கள். அவற்றில் வாடிக்கையாளர் தரவோ நிரலோ ஒன்று இருந்தாலும் அது தகவல் பாதுகாப்பு மீறல். திறமைக் குறைவு என்று சிரமப்பட்டு நிரூபிக்க வேண்டிய நிறுவனத்துக்கு, ஒழுங்கீனம் என்ற எளிய காரணத்தை நீங்களே எடுத்துக் கொடுத்ததாகிவிடும். உங்கள் பெயருக்கு வந்த சம்பள, மதிப்பீட்டு, பணிக் கடிதங்களை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பாராட்டு மின்னஞ்சல்களுக்குத் தேதி, அனுப்பியவர், பொருள் ஆகியவற்றை ஒரு நோட்டில் கையால் எழுதினால் போதும். தேவைப்படும்போது அந்த மின்னஞ்சலைக் காட்டுமாறு நிறுவனத்தையே கேட்கலாம்.

3. இலக்குகளை வரி வரியாகப் பிரித்துப் பார்த்தல்

ஒவ்வோர் இலக்கிடமும் மூன்று கேள்விகள் கேளுங்கள். இதை எண்ணால் அளக்க முடியுமா? அந்த எண் என் கையில் மட்டும் இருக்கிறதா, பிறர் வேலையையும் சார்ந்ததா? இதே வேலை செய்யும் மற்றவர்கள் இப்போது எந்த எண்ணில் இருக்கிறார்கள்?

ஓர் உதாரணத்தை முழுமையாகச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் சோழிங்கநல்லூரில் வேலை பார்த்த, பக்கத்துக் குழுவைச் சேர்ந்த பொறியாளர் ஒருவர் தன் கடிதத்தை என்னிடம் கொண்டுவந்தார். 60 நாள் திட்டம். முதல் இலக்கு, அவர் சரிசெய்து மூடிய டிக்கெட்டுகளில் மீண்டும் திறக்கப்படுபவை 5 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும் என்பது. முந்தைய காலாண்டில் அவர் மூடியவை 64. மீண்டும் திறந்தவை 11. அதாவது 17 விழுக்காடு. எண்ணைப் பார்த்ததும் அவரே, "என் மேல்தான் தப்பு போல" என்றார்.

நாங்கள் உட்கார்ந்து அந்தப் பதினொன்றையும் ஒவ்வொன்றாகத் திறந்து, யார், எந்தத் தேதியில், என்ன குறிப்போடு மீண்டும் திறந்தார் என்று பார்த்தோம். ஆறில், வேலை முடிந்த பிறகு வாடிக்கையாளர் கேட்டதையே மாற்றியிருந்தார்; புதிய கோரிக்கையாகப் பதிய வேண்டியதை யாரோ பழைய டிக்கெட்டிலேயே சேர்த்திருந்தார்கள். இரண்டில், சோதனைச் சூழலில் இருந்த தரவு பழையது. மீதி மூன்றுதான் அவருடைய பிழை. 64-இல் 3 என்றால் 4.7 விழுக்காடு. நிர்ணயித்த இலக்குக்குள் அவர் முன்பே இருந்தார்.

இரண்டாவது இலக்கு, "வேலையில் பொறுப்புணர்வைக் காட்ட வேண்டும்" என்றது. இதில் எண் இல்லை. எதைச் செய்தாலும் போதாது என்று சொல்ல இடம் உண்டு. இப்படிப்பட்ட இலக்கை எதிர்த்து வாதாடுவதால் பயனில்லை. பொறுப்புணர்வு இல்லை என்று கருதிய மூன்று நிகழ்வுகளைத் தேதியோடு தருமாறும், அதற்குப் பதிலாக என்ன செய்திருக்க வேண்டும் என்று எழுதுமாறும் கேளுங்கள். நிகழ்வுகள் கிடைத்தால் உங்களுக்குத் திருத்திக்கொள்ள வழி கிடைக்கிறது; கிடைக்காவிட்டால் அதுவே ஒரு பதிவு.

4. முதல் வாரத்துக்குள்: எழுத்தில் மறுமொழி

ஆவணத்தைப் பெற்றதற்கான கையெழுத்து வேறு, அதில் உள்ளதை ஏற்றுக்கொள்ளும் கையெழுத்து வேறு. கடைசிப் பத்தியில் "என் பணி திருப்திகரமாக இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்" என்ற பொருளில் ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், பெற்றுக்கொண்டேன், உள்ளடக்கத்தின் மீது என் கருத்துகளைத் தனியே அனுப்பியிருக்கிறேன் என்று கையெழுத்துக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள். இணையதளத்தில் பொத்தானை அழுத்தும் முறை என்றால், அழுத்துவதற்கு முன்பே அதே வாசகத்தை மேலாளருக்கும் எச்.ஆருக்கும் மின்னஞ்சலாக அனுப்பிவிடுங்கள். கையெழுத்தே போடமாட்டேன் என்று நிற்பது உதவாது. ஒத்துழைக்கவில்லை என்ற குறிப்பைத்தான் அது சேர்க்கும்.

மறுமொழி ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். திட்டத்தில் முழு முயற்சியோடு ஈடுபடுவேன் என்று முதல் வரியில் சொல்லுங்கள். பிறகு தவறான எண்களைச் சான்றோடு சுட்டிக்காட்டுங்கள். அளக்க முடியாத இலக்குகளுக்கு அளவு கேளுங்கள். தேவைப்படும் உதவியை, சோதனைச் சூழலைப் புதுப்பிப்பது போன்றவற்றை, பெயர் சொல்லிக் கேளுங்கள். வாரந்தோறும் எந்த நாள் மதிப்பீட்டுக் கூட்டம் என்று கேட்டு முடியுங்கள். மேலாளரின் பாரபட்சம், பழைய மனக்கசப்பு ஆகியவற்றை இதில் கலக்காதீர்கள். இந்தக் கடிதத்தை நாளை மேலதிகாரியோ தொழிலாளர் அலுவலரோ வாசித்தால், அவர் கண்ணில் எண்களும் தேதிகளும்தான் முதலில் பட வேண்டும்.

அந்தப் பொறியாளர் பதினொரு டிக்கெட்டுகளின் பட்டியலை இணைத்து அனுப்பினார். நான்கு நாள் கழித்து முதல் இலக்கின் வாசகம், "தன் பிழையால் மீண்டும் திறக்கப்பட்டவை" என்று மாறி வந்தது. பொறுப்புணர்வு என்ற இலக்கு, தினமும் மாலை 6 மணிக்குள் நிலவர அறிக்கை அனுப்புவதாகச் சுருங்கியது.

5. இரண்டாம் வாரத்தின் முடிவு: இது எந்த வகைத் திட்டம்?

சில மேலாளர்கள் உண்மையாகவே ஆளைத் தேற்றப் பார்க்கிறார்கள். சில திட்டங்கள், எடுத்துவிட்ட முடிவுக்குக் கோப்பு தயாரிப்பவை. கடிதத்தை மட்டும் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். இரண்டு வாரம் நடந்ததைப் பார்த்தால்தான் வேறுபாடு தெரியும் என்பதால்தான் அதுவரை பெரிய முடிவு எதுவும் வேண்டாம் என்கிறேன்.

முதலில், உங்கள் மறுமொழிக்கு என்ன ஆனது என்று பாருங்கள். இலக்கு திருத்தப்பட்டிருந்தால், அல்லது ஏன் திருத்த முடியாது என்று காரணமாவது எழுதியிருந்தால், அங்கே உங்களுக்கு ஓர் ஆள் காதுகொடுக்கிறார். பதிலே வராவிட்டால் அது நல்ல குறி அன்று. அடுத்தது வாராந்திரக் கூட்டம். தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்து, கடைசியில் ஒரே மின்னஞ்சலில் இரண்டு வாரத்துக்கும் சேர்த்து "முன்னேற்றம் இல்லை" என்று வந்தால், மேலாளர் பார்க்கவே இல்லை என்று பொருள்.

மிகத் தெளிவான குறி வேலைப் பங்கீட்டில் இருக்கிறது. தேற்ற நினைப்பவர் உங்களுக்கு வேலை கொடுப்பார். அனுப்ப நினைப்பவர் வேலையைப் பிடுங்குவார். நீங்கள் பார்த்துவந்த பகுதியை இன்னொருவருக்குக் கற்றுக்கொடுக்கச் சொன்னாலோ, ஒரே வாரத்தில் உங்கள் படிநிலையில் பலருக்குக் கடிதம் போயிருந்தாலோ, அது பெரும்பாலும் ஆள்குறைப்பு. அதைத் திறமையால் வெல்ல முடியாது. நான் எழுதிய கடிதங்களிலும் ஒன்று அப்படிப்பட்டது. எந்தப் பெயரைக் கொடுப்பது என்று மட்டும்தான் என்னிடம் கேட்டிருந்தார்கள். அதை அன்று சரி என்று நினைத்ததற்காக இன்றும் வருந்துகிறேன்.

வகை எதுவானாலும், முதல் வாரத்திலேயே வெளியில் வேலை தேடத் தொடங்கிவிடுங்கள். தேடுவது எந்த வழியையும் அடைப்பதில்லை.

6. நாட்காட்டியும் பணமும்

முடிவெடுக்கும் முன் ஒரு தாளில், இன்றே விலகினால் கடைசி வேலை நாள் எது, திட்டத்தை முடித்துவிட்டு நோட்டீஸ் காலத்தையும் கழித்தால் எது என்று இரண்டு தேதிகளை எழுதுங்கள். இரண்டுக்கும் இடையில் கிடைக்கும் சம்பளம், வரவேண்டிய போனஸ், பணிக்கொடைத் தகுதி, குழுக் காப்பீடு ஆகியவற்றைக் கணக்கிடுங்கள்.

அந்தப் பொறியாளருக்குக் கடிதம் வந்தபோது பணிக்காலம் 4 ஆண்டு 5 மாதம். அடிப்படைச் சம்பளம் 48,000 ரூபாய். நோட்டீஸ் 90 நாள். எச்.ஆர். சொன்னபடி உடனே விலகியிருந்தால், ஐந்து ஆண்டு நிறையாததால் பணிக்கொடை இல்லை. 60 நாளையும் 90 நாளையும் கடந்தால் 4 ஆண்டு 10 மாதம் ஆகும். ஐந்தாம் ஆண்டில் 240 நாள் வேலை செய்திருந்தால் அது முழு ஆண்டாகக் கருதப்படும் என்று சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. கணக்கு, அடிப்படைச் சம்பளத்தை 15-ஆல் பெருக்கி 26-ஆல் வகுத்து, அதை ஐந்தால் பெருக்குவது: ஏறத்தாழ 1,38,461 ரூபாய். சில நிறுவனங்கள் ஐந்து ஆண்டு முழுமையாக நிறைந்தால்தான் தருவோம் என்று வாதிடும். அப்போது தொழிலாளர் துறையிடம் முறையிட வேண்டிவரும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

மருத்துவக் காப்பீடு பெரும்பாலும் கடைசி வேலை நாளோடு முடிந்துவிடும். பெற்றோரும் அதில் இருந்தால், தனிப் பாலிசியை வேலையில் இருக்கும்போதே எடுங்கள். புதிய பாலிசியில் விபத்து தவிர்த்த சிகிச்சைகளுக்கு முதல் 30 நாள் காத்திருப்பு உண்டு.

7. மூன்று வழிகளில் ஒன்று

*முடித்துக் காட்டுவது.* இலக்குகள் அளக்கத்தக்கவையாக மாறி, கூட்டங்களும் ஒழுங்காக நடந்தால் இதுதான் வழி. ஒவ்வொரு கூட்டம் முடிந்ததும் அன்றே, பேசியவை இவை, இந்த வார எண் இது, தவறாகப் புரிந்திருந்தால் திருத்துங்கள் என்று ஐந்து வரியில் மின்னஞ்சல் அனுப்புங்கள். கடைசி வாரத்தில் கருத்து மாறினாலும் எட்டு வாரப் பதிவு இருக்கும். இரவு பகலாக உழைத்து, இலக்கில் இல்லாத வேலைகளை எல்லாம் இழுத்துப் போட்டுக்கொள்பவர்களைப் பார்த்திருக்கிறேன். மதிப்பீட்டுத் தாளில் அவற்றுக்கு இடமே இல்லை. தாளில் இருப்பதை மட்டும் முடியுங்கள்.

*போராடுவது.* முதலில் உள்ளே: மேலாளரின் மேலதிகாரிக்கும் குறைதீர்ப்பு வழிக்கும் நான்காம் படியின் கடிதத்தை அனுப்புங்கள். பாலியல் தொல்லை குறித்து உள்ளகக் குழுவில் புகார் கொடுத்த பிறகோ, கர்ப்பத்தைத் தெரிவித்த பிறகோ பிஐபி வந்திருந்தால் அந்தத் தேதிகளை வரிசைப்படுத்தி உடனே ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். மகப்பேறு விடுப்பில் இருப்பவரை அந்தக் காரணத்தால் நீக்குவது சட்டவிரோதம்.

வெளியே போராட இரண்டு கதவுகள் உண்டு. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947-இன் 41-ஆம் பிரிவு, ஆறு மாதத்துக்குக் குறையாமல் தொடர்ந்து வேலை செய்தவரை நியாயமான காரணமும் ஒரு மாத நோட்டீஸோ அதற்கீடான சம்பளமோ இல்லாமல் நீக்கக் கூடாது என்கிறது. நீக்கப்பட்டவர் தொழிலாளர் துறையில் மேல்முறையீடு செய்யலாம். அதற்கான கெடு குறுகியது என்பதால் நீக்கக் கடிதம் வந்த வாரமே ஆலோசனை பெறுங்கள். மற்றது தொழில் தகராறு. 2025 நவம்பர் 21 முதல் இதற்குத் தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டம், 2020 பொருந்துகிறது. நீக்கப்பட்ட தொழிலாளர் தகராறை எழுப்ப முன்பிருந்த மூன்று ஆண்டுக் கெடு இப்போது இரண்டு ஆண்டு.

இரண்டாவது கதவு "தொழிலாளர்" என்ற வரையறைக்குள் வருபவர்களுக்கு மட்டுமே. முதலாவதும் நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களுக்குத் திறக்காது. நீதிமன்றங்கள் பதவிப் பெயரைவிட உண்மையில் செய்யும் வேலையைத்தான் பார்க்கின்றன. நிரல் எழுதுபவரும் சோதிப்பவரும் பெயரில் "மேனேஜர்" என்று இருந்தாலும் உள்ளே வரக்கூடும். விடுப்புக்கு ஒப்புதல் தந்து, ஆளெடுத்து, ரேட்டிங் போடுபவர் வெளியே நிற்கக்கூடும். வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுக்கும் என்பதை வீட்டில் பேசிவிட்டு இறங்குங்கள். ராஜினாமா எழுதிக் கொடுத்தவருக்கு இந்த இரண்டு கதவுகளும் கிட்டத்தட்ட மூடியவை என்பதைத் திரும்பவும் சொல்கிறேன்.

*விலகுவது.* திட்டம் வெறும் கோப்பு வேலை என்று தெரிந்து, வழக்குக்குப் போகும் எண்ணமும் இல்லை என்றால் இதில் தோல்வி ஒன்றும் இல்லை. ஆனால் பேசி விலகுங்கள். முழு நோட்டீஸ் காலச் சம்பளம், குறைந்த நாட்களுக்குப் பிடித்தம் இல்லை என்ற உறுதி, ரிலீவிங் லெட்டரில் பிஐபி பற்றிய குறிப்பு வராமை, அடுத்த நிறுவனம் சரிபார்க்கும்போது விலகிய காரணமாகச் சொல்லப்போவது என்ன என்பது, இவை நான்கையும் மின்னஞ்சலில் வாங்கிய பிறகே ராஜினாமாவைப் பதியுங்கள். பதிந்த மறுநிமிடம் உங்கள் பேச்சின் வலு போய்விடும்.

8. கடைசி நாளும் அதற்குப் பிறகும்

அறைக்கு அழைத்து, இன்று மாலைக்குள் ராஜினாமா போடாவிட்டால் நீக்கிவிடுவோம் என்று சொன்னால், நிபந்தனைகளை எழுத்தில் தாருங்கள், நாளை பதில் சொல்கிறேன் என்று எழுந்து வாருங்கள். வந்ததும், இன்ன நேரத்தில் இன்னார் இப்படிச் சொன்னார் என்று எச்.ஆருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். அடையாள அட்டையும் மடிக்கணினியும் கைவிட்டுப் போகலாம் என்பதால் அதை உங்கள் தனிப்பட்ட முகவரியிலிருந்து அனுப்புவது நல்லது.

புதிய ஊதியத் தொகுப்புச் சட்டத்தின்படி, விலகினாலும் நீக்கப்பட்டாலும் சேரவேண்டிய ஊதியத்தை இரண்டு வேலை நாட்களுக்குள் தர வேண்டும். ரிலீவிங் லெட்டரையும் அனுபவச் சான்றிதழையும் வாங்கியதும் தேதிகளைச் சரிபாருங்கள். ஒரு மாதம் கழித்து பி.எஃப். தளத்தில் நீங்கள் விலகிய தேதி ஏறியிருக்கிறதா, அது ரிலீவிங் லெட்டரில் உள்ள தேதிதானா என்று பாருங்கள். இரண்டும் வேறுபட்டால் அடுத்த நிறுவனத்தின் பின்னணிச் சரிபார்ப்பில் சிக்கல் வரும்.

அந்தப் பொறியாளர் 60 நாளையும் முடித்தார். கடைசி மதிப்பீட்டில் மீண்டும் திறந்த டிக்கெட்டுகள் இரண்டு. பிஐபி மூடப்பட்டதாகக் கடிதம் வந்தது. அடுத்த மூன்று மாதமும் அவர் நேர்காணல்களுக்குப் போய்க்கொண்டே இருந்தார். வேறு வேலை உறுதியான பிறகு, கடைசி நாள் ஐந்தாம் ஆண்டு நிறைவைத் தாண்டும்படி நாள் பார்த்து ராஜினாமாவைப் பதிந்தார்.